ஆபரேஷனுக்கு உதவி கேட்டு எழுதுவது எப்படி: மருத்துவமனைச் சமூகப் பணியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழை நோயாளிக்காக உதவி கேட்கும் கடிதத்தைப் படிக்கிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் தொகையைப் பார்ப்பேன். "5 லட்சம் தேவை" என்று எழுதியிருந்தால், அந்த 5 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. யாரோ சொன்னது, யாரோ எழுதியது, நாலு பேர் ஃபார்வர்ட் செய்தது. தொகையைச் சரியாகப் போட்டுவிட்டால் கடிதத்தில் பாதி உண்மை தானாக வந்துவிடும். மிகைப்படுத்துவதற்கான தேவையும் அங்கேயே போய்விடும். அதனால் இந்த வழிகாட்டியில் எழுத்தைவிடக் கணக்குக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 29. ஏற்காடு மலையில் ஒரு சிற்றூர். கணவரும் அவரும் காபி எஸ்டேட்டில் தினக்கூலி. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறார் என்று சேலத்துக்குக் கூட்டி வந்தார்கள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, கசிவும் இருந்தது. வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பிரிவுக்கு வருகிற பலருடைய நிலைமையைச் சேர்த்து அமைத்த ஆள் இந்தச் செல்வி. கீழே வரும் தொகைகளும் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் மருத்துவமனை தரும் எஸ்டிமேட்டை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்வி எங்களிடம் வருவதற்கு முன்பே அவருடைய உறவுக்காரப் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்:

"உயிருக்குப் போராடும் ஏழைத் தாய்! இரண்டு பச்சிளம் குழந்தைகள் அநாதையாகும் அவலம்! சோற்றுக்கே வழியில்லாத குடும்பம். இன்னும் 3 நாளில் 4 லட்சம் கட்டாவிட்டால் டாக்டர்கள் கைவிட்டு விடுவார்கள். நீங்கள்தான் கடவுள். பார்த்துவிட்டு ஷேர் செய்யாமல் போகாதீர்கள்!"

அந்தப் பையன் கெட்டவர் இல்லை. சித்தி பிழைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் இதில் உண்மை என்று சொல்ல ஒரு வரிகூடத் தேறாது. இதை உண்மையான கடிதமாக மாற்றுவதுதான் நம் வேலை.

முதல் படி: கேட்பதற்கு முன்னால், கிடைக்கவேண்டியதை வாங்குங்கள்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் இதில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். வால்வு மாற்று அறுவை சிகிச்சை திட்டத்துக்குள் வருகிறது.

மலைக்காரர்களுக்குச் சிக்கல் எங்கே வரும் என்றால், வருமானச் சான்றில். சான்று காலாவதியாகியிருக்கும். கல்யாணம் ஆகி வேறு ஊர் வந்த பெண்ணின் பெயர் கணவர் வீட்டு அட்டையில் ஏறியிருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, அட்டையில் வேறு எழுத்து. இதெல்லாம் நாலைந்து நாள் அலைச்சலில் தீர்கிற விஷயம். ஆனால் அந்த அலைச்சலுக்குப் பயந்து "காப்பீடு கிடைக்கவில்லை" என்று எழுதி மக்களிடம் லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அது கிடைக்காதது இல்லை, கேட்காதது.

ஒப்புதல் வந்துவிட்டால், திட்டத்தின் சிகிச்சைத் தொகுப்புக்குள் அடங்கும் செலவுக்கு மருத்துவமனை நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அப்படியானால் அந்தத் தொகையை ஊராரிடம் கேட்கவும் நமக்கு உரிமை இல்லை. உங்கள் மருத்துவமனை திட்டத்தில் இல்லையென்றாலோ, குறிப்பிட்ட அந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெறவில்லையென்றாலோ, அனுமதி உள்ள மருத்துவமனைக்கு நோயாளியை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேட்டீர்களா என்று எந்த நன்கொடையாளரும் கேட்பார். அதற்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் வழியாக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தையும் பார்க்க வேண்டும். மில், தொழிற்சாலை வேலை என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திட்டத்தில் அடங்காத பெரிய செலவுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலும் விண்ணப்பிக்கலாம். அது செலவில் ஒரு பகுதியைத்தான் தரும், பணமும் நேராக மருத்துவமனைக்குத்தான் போகும். விண்ணப்பித்த தேதி, பதில் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்தத் தாள் பின்னால் கடிதத்தில் ஒரே ஒரு வரியாக மாறும். ஆனால் அந்த ஒரு வரிதான் படிக்கிறவருக்கு நம்பிக்கை தரும்.

செல்விக்குக் காப்பீட்டு ஒப்புதல் வந்தது. ஆபரேஷன், வால்வு, மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பையன் கேட்ட 4 லட்சம் இங்கேயே காணாமல் போயிற்று.

இரண்டாம் படி: மிச்சம் என்ன என்று எழுதிப் பாருங்கள்

ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்துவிட்டால் குடும்பத்தின் கஷ்டம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. வால்வு மாற்றியவரின் செலவு, வீட்டுக்குப் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

செல்விக்கு வைப்பது உலோக வால்வு. அதன்மேல் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மாத்திரை குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டியாக உறையும், அதிகமானால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ஆரம்பத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, அளவு நிலைத்த பிறகு மாதம் ஒருமுறை. நெஞ்சு எலும்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷன் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. அதாவது எஸ்டேட் வேலை கிடையாது, கூலி கிடையாது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் கணவருக்கும் பாதிக் கூலி போய்விடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலத்தில் இது வந்தால் இழப்பு இன்னும் அதிகம். ஏனென்றால் ஆண்டில் கையில் காசு புரள்வது அந்த மாதங்களில்தான்.

இதையெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதினோம்.

முதல் இரண்டு மாதம் பரிசோதனைக்காக அடிக்கடி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் ஏறி இறங்குவது புதிதாகத் தைத்த நெஞ்சுக்கு ஆகாது. அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை, மாதம் 4,500 வீதம் 9,000. மூன்று மாதத்துக்கு வீட்டுச் செலவு மாதம் 7,000 வீதம் 21,000. இதில் அரிசி சேர்க்கவில்லை, ரேஷனில் கிடைக்கிறது. ஓர் ஆண்டில் சுமார் 20 ஐ.என்.ஆர். பரிசோதனை, மருத்துவமனைச் சலுகை விலை 200 வீதம் 4,000. மாத்திரை மாதம் 700 வீதம் ஓர் ஆண்டுக்கு 8,400. மலைக்குத் திரும்பிய பிறகு செக்கப்புக்கு இரண்டு பேர் வந்துபோக ஒரு தடவைக்கு 250, பன்னிரண்டு தடவைக்கு 3,000. ஆபரேஷனுக்கு முன்னால் சொத்தைப் பல்லைச் சரிசெய்தாக வேண்டும். பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் டாக்டர்கள் இதைக் கட்டாயமாகக் கேட்பார்கள். அதை அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் முடித்துக்கொள்ளலாம் என்பதால் கணக்கில் சுழியம்.

மொத்தம் 45,400 ரூபாய்.

இப்போது குடும்பத்தின் பங்கு. கையில் 5,000 இருக்கிறது என்றார் கணவர். சொந்தக்காரர்கள் சேர்ந்து 5,400 தருவதாகச் சொல்லிவிட்டார்கள். தோட்டையும் அடகு வைத்து 8,000 புரட்டலாம் என்றார். அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அடகும் வட்டிக் கடனும் குடும்பத்தின் பங்கு ஆகாது. அது மூன்று மாதம் கழித்து வரப்போகும் இன்னொரு செலவு. வேலைக்குப் போக முடியாத வீட்டில் வட்டி ஏறினால் முதலில் நிற்பது மாத்திரையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே வாங்கிய கடன் இருந்தால் அதைக் குடும்பத்திடம் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிகிச்சைக்கான கடிதத்தில் பழைய கடனைக் கலக்காதீர்கள்.

45,400-இல் 10,400 கழித்தால் 35,000. நாம் கேட்கவேண்டியது இவ்வளவுதான். 4 லட்சத்தில் ஆரம்பித்தது 35 ஆயிரத்தில் வந்து நிற்கிறது. சிறிய தொகை கேட்டால் மதிக்க மாட்டார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். முடிகிற தொகையாகத் தெரிந்தால் மனிதர்கள் தயங்காமல் தருகிறார்கள் என்பதே என் அனுபவம். 500 ரூபாய் வைத்திருப்பவர் 4 லட்சத்தைப் பார்த்தால், தன் 500 எந்த மூலைக்கு என்று நினைத்து நகர்ந்துவிடுவார்.

மூன்றாம் படி: சம்மதம்

இதை அவசரமாக முடிக்கக் கூடாது. கணவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்ற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நோயாளி சுயநினைவோடு இருக்கும்போது சம்மதம் அவருடையது. மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்து, உட்கார்ந்து பேசுங்கள். மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் ஆபரேஷன் நடக்கும். வாட்ஸ்அப்பில் போனால் பிறகு திரும்பப் பெற முடியாது. உங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

மூன்றாவது மிக முக்கியம். ஏற்காடு மலையில் பல ஊர்கள் மிகச் சிறியவை. "எஸ்டேட்டில் வேலை செய்யும், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 29 வயதுப் பெண்" என்பதோடு ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டால், பெயரை மறைத்து என்ன பயன்? ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் நான் ஊர்ப் பெயர், எஸ்டேட் பெயர், பிள்ளைகளின் பள்ளி, சாதி, பழங்குடி என்ற விவரம் எதையும் எழுதுவதில்லை. "ஏற்காடு மலையைச் சேர்ந்தவர்" என்பதே போதும்.

எழுதிய கடிதத்தை நோயாளிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த வரி அவரைச் சுடுகிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "அன்றாடச் சோற்றுக்கே வழியில்லாத" என்ற வரியைக் கேட்டதும் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத எடுத்துடுங்க மேடம். நாங்க சோத்துக்கு இல்லாம இல்லீங்க. வேலைக்குப் போற வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டோம். இப்ப வேலைக்குப் போக முடியல, அதான்" என்றார். அவர் சொன்னதையே எழுதிக்கொண்டேன். நாம் யோசித்து எழுதும் எந்த வரியையும்விட அது சரியானது, குடும்பத்தின் நிலைமையையும் அதுதான் துல்லியமாகச் சொல்கிறது.

படம் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆக்சிஜன் குழாயோடு இருக்கும் படத்தை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருப்பவர் படம் எடுக்கச் சம்மதித்தார் என்பது சம்மதமே ஆகாது. பிள்ளைகளின் படமும் வேண்டாம். அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் அந்தப் படம் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளியே தன் படம் போட விரும்பினால், வீட்டில் சாதாரணமாக இருக்கும்போது எடுத்த ஒரு படம், அவர் தேர்ந்தெடுத்தது, போதும். செல்வி வேண்டாம் என்று சொன்னார். கடிதம் படமில்லாமலே போனது.

ஆதாரமாக எஸ்டிமேட்டையோ டாக்டர் கடிதத்தையோ இணைத்தால் பெயர், முகவரி, ஆதார் எண், மருத்துவமனைப் பதிவு எண், போன் நம்பர் எல்லாவற்றையும் மறையுங்கள். போனில் இருக்கும் பேனாக் கருவியால் கறுப்பாகத் தேய்த்தால் சிலசமயம் அது முழுக்க மறைக்காது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் எழுத்து தெரியும். கறுப்புக் கட்டம் வைத்து மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள்.

நான்காம் படி: எழுதுவது

நோயைப் பற்றி எழுதும் வரிகளை டாக்டரிடம் காட்டாமல் வெளியே விடக் கூடாது. அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆபரேஷன் எவ்வளவு காலத்துக்குள் நடக்க வேண்டும்? நடந்தால் என்ன மாறும், என்ன மாறாது? இதைவிடச் சின்னச் சிகிச்சை ஏன் போதாது?

செல்வியின் டாக்டர் சொன்ன பதில்களைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். பறிப்பு முடிந்து வருகிறேன் என்று தள்ளிப்போடுவது நல்லதில்லை, ஆனால் நாளைக்கே செய்தாக வேண்டிய நிலையும் இல்லை. செய்தால் மூச்சுத்திணறல் பெருமளவு குறையும், சில மாதத்தில் இலேசான வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மாத்திரையும் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு. பலூன் வைத்து வால்வை விரிக்கும் எளிய முறை ஒன்று இருக்கிறது. வால்வில் கசிவும் சுண்ணாம்புப் படிவும் அதிகம் என்பதால் இவருக்கு அது பொருந்தாது.

இப்போது பையன் எழுதியதோடு ஒப்பிடுங்கள். "3 நாளில்" என்பது "இரண்டு மாதத்துக்குள்" ஆகிறது. "உயிருக்குப் போராடும்" என்பது "மேடு ஏற முடியவில்லை, ராத்திரி படுக்க முடியவில்லை" ஆகிறது. இரண்டாவது சொல்வதில் ஒரு துளி குறைவு இல்லை. அந்த வேதனையை ஒரு முறையாவது வீட்டில் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரியும். "பூரண குணம் அடைவார்" என்று எழுதாதீர்கள். எந்த டாக்டரும் அந்த வாக்குறுதியைத் தரவில்லை. "டாக்டர்கள் கைவிட்டு விடுவார்கள்" என்பது நம்மோடு வேலை செய்கிறவர்கள்மேல் சுமத்தும் பழி.

எழுதக் கூடாத உண்மைகளும் உண்டு. உலோக வால்வு வைத்த பெண் வார்ஃபரின் சாப்பிடும்போது கருவுற்றால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், டாக்டர் செல்வியிடமும் கணவரிடமும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசியிருப்பார். அது உண்மைதான். ஆனால் நன்கொடை தருகிறவர் அதைத் தெரிந்துகொள்ளவேண்டிய காரணமே இல்லை. கணவரின் குடி, பழைய கருச்சிதைவு, எச்.ஐ.வி. நிலை, குடும்பச் சண்டை, இவையும் அப்படித்தான். எச்.ஐ.வி. நிலையை அனுமதியில்லாமல் வெளியிடுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் தவறு. நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: இது தெரியாவிட்டால் படிக்கிறவர் தவறாக முடிவு எடுப்பாரா? எடுப்பார் என்றால் எழுத வேண்டும். இல்லையென்றால் அது நோயாளியின் சொந்த விஷயம்.

இனி கடிதம்:

"வணக்கம்.

ஏற்காடு மலையைச் சேர்ந்த 29 வயதுப் பெண் ஒருவர் எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். அவர் விருப்பப்படி பெயரைக் குறிப்பிடவில்லை. காபித் தோட்டத்தில் தினக்கூலி வேலை செய்துவந்தவர். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் பாதிப்பால் அவருடைய இதய வால்வு ஒன்று கெட்டுவிட்டது. மேடு ஏற முடியவில்லை, இரவில் படுத்துத் தூங்க முடியவில்லை. இரண்டு மாதத்துக்குள் வால்வை மாற்ற வேண்டும் என்று இதய அறுவை சிகிச்சை டாக்டர் கூறியிருக்கிறார். பலூன் சிகிச்சை இவருக்குப் பொருந்தாது.

அறுவை சிகிச்சைச் செலவு முழுவதையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. அதற்காக நாங்கள் பணம் கேட்கவில்லை. சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் அவரால் வேலைக்குப் போக முடியாது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதால் முதல் இரண்டு மாதம் சேலத்திலேயே தங்க வேண்டும். மாத்திரையும் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். முதல் ஓராண்டுக்கு மட்டும் உதவி கேட்கிறோம்.

தங்கும் அறை 9,000. மூன்று மாத வீட்டுச் செலவு 21,000. ரத்தப் பரிசோதனை 4,000. மாத்திரை 8,400. பயணம் 3,000. மொத்தம் 45,400 ரூபாய். குடும்பமும் உறவினரும் 10,400 ரூபாய் ஏற்றுக்கொள்கிறார்கள். மீதி 35,000 ரூபாய்.

'வேலைக்குப் போகும் வரை எங்களுக்குக் குறையில்லை. இப்போது போக முடியவில்லை' என்கிறார் அவர். உடல் தேறியதும், பாரம் தூக்காத வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பணம் மருத்துவமனையின் ஏழை நோயாளர் நிதிக் கணக்குக்கு மட்டும் அனுப்பவும். குறிப்பில் 'எண் 14' என்று எழுதவும். தனிநபர் எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். விவரம் சரிபார்க்கக் காலை 10 முதல் மாலை 4 வரை மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை அழைக்கலாம். 35,000 சேர்ந்ததும், அல்லது இம்மாதம் 30-ஆம் தேதி, எது முதலில் வருகிறதோ அன்று வசூல் முடியும். கூடுதலாக வரும் தொகையும் செலவாகாத தொகையும் அதே நிதியில் அடுத்த நோயாளிக்குப் பயன்படும். கணக்கு விவரம் மூன்று மாதத்தில் வெளியிடப்படும்."

இதற்குக் கீழே பிரிவின் பெயர், கையெழுத்து, தேதி, மருத்துவமனை முத்திரை. தேதியும் வருடமும் கட்டாயம். தேதி இல்லாத கடிதம் ஐந்து வருடம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

ஐந்தாம் படி: பணம் வரும் வழி

சமூகப் பணியாளரின் சொந்த யூபிஐ எண்ணைக் கொடுக்கவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட. நல்ல எண்ணத்தில் தொடங்கி, சொந்தப் பணமும் நோயாளியின் பணமும் ஒரே பாஸ்புக்கில் கலந்த பிறகு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. நோயாளியின் குடும்பக் கணக்குக்கு நேரடியாக வாங்குவதிலும் சங்கடம் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக் கேள்வி எழும். எழுத்தறிவு குறைந்த ஒரு குடும்பத்தின் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால், கடன்காரர்களும் வந்து நிற்பார்கள். மருத்துவமனை நிதிக்கு வாங்கி, ரசீது கொடுத்து, வீட்டுச் செலவுத் தொகையை மாதாமாதம் செல்வியின் வங்கிக் கணக்குக்கு மாற்றி, அவரிடம் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

வரிவிலக்கு கிடைக்குமா என்று கேட்பார்கள். பணம் பெறும் அறக்கட்டளைக்கு 80ஜி அங்கீகாரம் இருந்து, தருகிறவர் பழைய வரி முறையில் வரி கட்டுபவராக இருந்தால் உண்டு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. நோயாளிக்கு நேரடியாகக் கொடுத்தால் கிடையாது. உறுதியாகத் தெரியாமல் "வரிவிலக்கு உண்டு" என்று எழுதாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் அனுப்ப விரும்பினால், மருத்துவமனைக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும்.

ஒரு மோசடி அடிக்கடி நடக்கிறது. நம் செய்தியை அப்படியே எடுத்து, கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். யாராவது போன் செய்து "நேற்றே போட்டுவிட்டேனே, ரசீது வரவில்லையே" என்று கேட்டால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்கு அனுப்பினார் என்று கேட்டு ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அவரையே புகார் சொல்லச் சொல்லுங்கள், அதே நாளில் சரியான எண்ணோடு மறு அறிவிப்பு விடுங்கள். இதற்காகத்தான் எழுத்துச் செய்தியாக அனுப்பாமல், லெட்டர்பேடில் அச்சடித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்கிறேன். அதையும் மாற்ற முடியும், ஆனால் விரலால் தட்டிவிட்டு மாற்றுவது போல அவ்வளவு சுலபமில்லை.

ஆறாம் படி: நிறுத்துவதும் கணக்குச் சொல்வதும்

35,000 சேர்ந்த அன்றே நிறுத்துங்கள். "போதுமான தொகை கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம், நன்றி" என்று அனுப்பிய எல்லாக் குழுக்களிலும் போடுங்கள். பையனின் பழைய செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் அவரை விட்டே நீக்கச் சொல்லுங்கள். அவரைத் திட்ட வேண்டாம். புதுக் கடிதத்தைக் கொடுத்து, இதை அனுப்புப்பா என்றால் அவரே பொறுப்பாகச் செய்வார்.

நோயாளியைப் பற்றிய செய்தியை அவர் கேட்டு ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். "ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார்" என்பதே நிறைவான தகவல். நன்கொடையாளர் நேரில் பார்க்க வருகிறேன் என்றால் செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது நன்றி கெட்டதனம் ஆகாது. மாலை போட்டு, காசோலை கொடுக்கும் படம் எடுப்பதற்கு நோயாளி கடமைப்பட்டவர் இல்லை. ஒருவேளை ஆபரேஷனுக்குப் பின் உயிர் பிழைக்கவில்லையென்றால், குடும்பம் அனுமதித்த பிறகு, இறந்துவிட்டார் என்பதை ஒரே வரியில் சொல்லி, செலவான தொகையையும் நிதிக்குப் போன தொகையையும் எழுதுங்கள். மறைக்காதீர்கள், காரணம் விளக்கவும் போகாதீர்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் கணக்கை வெளியிடுங்கள். கடிதத்தில் எந்த வரிசையில் தொகைகள் இருந்தனவோ அதே வரிசையில், கேட்டது ஒரு பக்கம், செலவானது ஒரு பக்கம். செல்விக்கு ஐ.என்.ஆர். சீக்கிரமே நிலைத்து, அறையை ஒன்றரை மாதத்தில் காலி செய்திருந்தால், அந்த 2,250 ரூபாய் மிச்சம் என்று எழுத வேண்டும். மாத்திரை, பரிசோதனை, பயணத்துக்கான தொகையில் செலவாகாதது ஓராண்டு வரை நிதியில் எண் 14 பெயரிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரசீதுகளின் நகல், சம்மதத் தாள், டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட கடிதப் பிரதி, மூன்றும் ஒரே ஃபைலில் பிரிவின் அலமாரியில் இருக்கட்டும். உங்கள் போனில் இருக்கும் நோயாளியின் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் அன்றே அழித்துவிடுங்கள்.